இரண்டரை மணி எப்படி இருபத்து நான்கானது: ஒரு பழைய ஸ்லைடு கட்டைச் சுத்தம் செய்த கதை

"தம்பி, இதை யாருக்கும் கொடுத்துடாதீங்க. பிள்ளைக்கு ஏத்துற திரவத்தை 24 மணி நேரத்துல ஏத்தச் சொல்லியிருக்கீங்க. அது இரண்டரை மணி."

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தொலைபேசியில் இப்படிச் சொன்ன பிறகுதான் இந்த வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். வயிற்றுப்போக்கு சிகிச்சை பற்றி அவர் எப்போதோ பயிற்சி எடுத்தபோது கொடுத்த ஹேண்டவுட் அது. நான்கு தாள், ஒவ்வொன்றிலும் ஆறு ஸ்லைடு, மொத்தம் 24. மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. ஜெராக்ஸின் ஜெராக்ஸ்தான் மிஞ்சியிருந்தது. அதை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓ.சி.ஆர். எடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் படிக்க இரண்டு பக்கச் சுருக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார். முதல் தடவை, வந்த எழுத்தை மேலோட்டமாகத் திருத்திவிட்டுச் சுருக்கினேன். வாக்கியங்கள் நன்றாகத்தான் இருந்தன. சிக்கலே அதுதான்.

தவறு எங்கே நுழைந்தது என்று தேடினேன். ஸ்லைடில் "2½ மணி நேரம்" என்று இருந்தது. ½ என்பது ஒரே எழுத்து. ஜெராக்ஸில் அதன் சாய்கோடு மேலே இருந்த 1 உடனும் கீழே இருந்த 2 உடனும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மென்பொருள் அந்த ஒட்டலை 4 என்று படித்திருந்தது. அதே ½ இன்னொரு ஸ்லைடில் % ஆகியிருந்தது. "2% மணி நேரம்" என்று பார்த்தவுடன் கண் உறுத்தும், திருத்திவிடுவோம். "24 மணி நேரம்" உறுத்தாது, ஏனென்றால் மருத்துவக் குறிப்பில் 24 மணி நேரம் வராத பக்கமே இருக்காது. நான் பயன்படுத்திய ஓ.சி.ஆர். மென்பொருளான டெசராக்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் தருகிறது. இந்த 24க்கு அது 90க்கு மேல் கொடுத்திருந்தது. குறைந்த மதிப்பெண் வாங்கிய சொற்களை மட்டும் பார்த்தால் போதும் என்ற என் குறுக்கு வழி அங்கேயே அடைபட்டது.

இரண்டாவது சுற்றை ஸ்கேனிலிருந்தே தொடங்கினேன். ஏ4 தாளில் ஆறு ஸ்லைடு அச்சிட்டால் ஒவ்வொரு ஸ்லைடும் ஏறக்குறைய 3.2 அங்குல அகலத்துக்குச் சுருங்குகிறது. திரையில் அது 10 அங்குல ஸ்லைடு. ஆக, 18 புள்ளி எழுத்தில் அமைத்த அட்டவணை தாளில் ஆறு புள்ளிக்கும் கீழே போய்விடுகிறது. 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் அந்த அளவில் ஒரு மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி சில பிக்சல்தான். அது தூசியா, மெய்யெழுத்தின் புள்ளியா என்று மென்பொருளுக்குத் தெரியாது. "மருந்து" என்பது "மருநது" ஆவது இப்படித்தான். 600 டி.பி.ஐ.க்கு மாற்றி மறுபடி ஸ்கேன் செய்ததில், புள்ளி விழுந்துபோன சொற்களில் பெரும்பகுதி தானாகவே சரியானது. எழுத்தைத் திருத்த உட்காரும் முன் படத்தைத் திருத்தினால் எவ்வளவு வேலை மிச்சமாகும் என்பதை நான் எப்போதும் தாமதமாகவே நினைவுகூர்கிறேன்.

அடுத்தது ஸ்லைடுகளை வெட்டிப் பிரிப்பது. ஆறு ஸ்லைடுள்ள தாளை அப்படியே மென்பொருளிடம் கொடுத்தால், அது இரண்டு பக்கத்து ஸ்லைடுகளையும் சேர்த்து ஒரே வரியாகப் படிக்கும். எனவே ஒவ்வொரு ஸ்லைடையும் தனிப் படமாக வெட்டினேன். வெட்டிய பிறகு எந்த வரிசையில் எண் போடுவது? இடமிருந்து வலம், பிறகு கீழே என்றுதான் முதல் சுற்றில் போட்டிருந்தேன். பவர்பாயின்டில் ஆறு ஸ்லைடு ஹேண்டவுட்டை இரண்டு விதமாக அச்சிடலாம். கிடைமட்டமாகச் சொன்னால் 1, 2 பக்கத்தில் பக்கத்தில் வரும். செங்குத்தாகச் சொன்னால் இடது பத்தியில் 1, 2, 3, வலது பத்தியில் 4, 5, 6. ஸ்லைடு எண்கள் ஜெராக்ஸில் அழிந்திருந்ததால், இது எந்த வகை என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது தாளில் "பிளான் சி (தொடர்ச்சி)" என்ற தலைப்பு "பிளான் சி" என்ற தலைப்புக்கு முன்னால் வந்தபோதுதான் விழித்தேன். நான்கு தாளும் செங்குத்து வரிசை. முதல் சுற்றில் ஒவ்வொரு தாளிலும் முதலும் கடைசியும் தவிர மற்ற நான்கும் இடம் மாறிக் கிடந்திருக்கின்றன. நான் அதை வைத்தே கோர்வையாக ஒரு சுருக்கமும் எழுதியிருக்கிறேன்! ஸ்லைடுகள் துண்டு துண்டான வரிகளால் ஆனவை. எந்த வரிசையில் வைத்தாலும் ஏதோ ஒரு பொருள் வந்துவிடுகிறது.

வெட்டிய ஒவ்வொரு படத்தையும் இப்படிப் படிக்கவைத்தேன்:

```
tesseract s14.png s14 -l tam+eng --psm 6 tsv
```

`--psm 6` என்றால், படம் முழுவதையும் ஒரே கட்டமாகப் பார்த்து வரி வரியாகப் படி என்று பொருள். எதுவும் சொல்லாவிட்டால் வரும் `--psm 3` பக்க அமைப்பைத் தானே ஊகிக்கும். அட்டவணையைக் கண்டால் சில சமயம் அதைப் பத்திகளாக நினைத்து மேலிருந்து கீழே படித்துவிடும். கடைசியில் உள்ள `tsv` தான் எனக்கு முக்கியம். எழுத்தோடு ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் `left`, `top`, `width`, `height` என்ற பிக்சல் எண்களாக அது தருகிறது. வரிசை கலைந்த ஸ்லைடைச் சீர்செய்ய இந்த எண்கள் இல்லாமல் முடியாது.

தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்ததற்கும் ஒரு விலை உண்டு. மங்கலான இடங்களில் "ட" என்பது L ஆகவும், "ப" என்பது U ஆகவும், "ம" என்பது LD ஆகவும் வந்தன. இவை எளிது. தமிழ்ச் சொல்லின் நடுவே ரோமன் எழுத்து வந்தால் அது பிழை, தேடிப் பிடித்துவிடலாம். பட்டியல் குறிகளான கரும்புள்ளிகள் e, ©, « என்று பல வேடத்தில் வந்தன. வரியின் தொடக்கத்தில் தனியாக நின்றால் நீக்கிவிட்டேன். எல்லா ஸ்லைடின் அடியிலும் திரும்பத் திரும்ப வந்த நிறுவனப் பெயரையும் தேதியையும் அவை இருக்கும் இடத்தை வைத்து வெட்டினேன்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளே நேரம் தின்றன. "நீர்" என்ற சொல்லைத் தேடினால் மூன்று இடம்தான் கிடைத்தது. ஸ்லைடுகளிலோ பக்கத்துக்குப் பக்கம் நீர். காரணம், மென்பொருள் பல இடங்களில் "ர்" என்ற மெய்யெழுத்துக்குப் பதிலாக, துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருந்தது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், உள்ளே வேறு வேறு குறியீடுகள். துணைக்காலுக்குப் புள்ளி கிடையாது என்பதால் இதை இயந்திரமே திருத்தலாம். அதேபோல் "வெளியேறும்" என்ற சொல். இந்த ஸ்லைடுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து ஔகாரக் குறியாகிவிட்டன. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வர வழியில்லை. வந்தால் அது பிழை.

```python
import re, unicodedata as u

def clean(t):
    t = re.sub("[\u200b\u200c\u200d]", "", t)
    t = u.normalize("NFD", t)
    t = t.replace("\u0bbe\u0bcd", "\u0bb0\u0bcd")
    t = u.normalize("NFC", t)
    return re.sub("\u0bcc(?=[\u0bbe-\u0bcd])",
                  "\u0bc6\u0bb3", t)
```

இதில் `NFD` வரியை நான் முதலில் எழுதவில்லை. அதனால் "சேர்க்கவும்" என்பது "சோ்க்கவும்" என்றே நின்றது. கொம்பும் தவறான துணைக்காலும் சேர்ந்து ஓகாரக் குறியாக ஒட்டிவிட்டதால், தேடிய துணைக்கால் தனியாகக் கிடைக்கவில்லை. முதலில் குறிகளைப் பிரித்துப்போட்டு, திருத்தி, பிறகு ஒட்டவேண்டும். முதல் வரி கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளை நீக்குகிறது. "க்ஷ" வரும் கோப்பாக இருந்தால் அந்த வரியை யோசித்துப் போடவேண்டும், இங்கே அந்த எழுத்தே வரவில்லை. துணைக்கால் மாற்றத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. "பார்த்து" என்பதில் ரகரம் விழுந்து புள்ளி மட்டும் மிஞ்சியிருந்தால், இது அதை "பர்த்து" என்று ஆக்கிவிடும். சொற்பட்டியலோடு ஒப்பிட்டபோது அப்படிச் சில மாட்டின.

சொற்பட்டியலும் எல்லாவற்றையும் பிடிக்காது. ஒரு ஸ்லைடில் "உப்புக் கரைசல் கெடுக்கவும்" என்று வந்தது. துணைக்கால் ஒன்று விழுந்ததில் கொடுப்பது கெடுப்பதாகிவிட்டது. கெடுக்கவும் என்பது முறையான தமிழ்ச் சொல்தான், எந்தப் பட்டியலும் அதைத் தடுக்காது. இந்த வகைக்கு நான் வேறு வழி காணவில்லை. ஏவல் வினைகள் வரும் வரிகளை எல்லாம் தனியே எடுத்து, படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அறுபது வரிகூட இருக்காது. அரை மணி நேர வேலை.

இனி எண்கள். செவிலியர் அக்கா பிடித்த 24 போல இன்னும் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்ற பயம் அதற்குள் வந்துவிட்டது. படத்தோடு ஒப்பிடலாம், ஆனால் படமே மங்கல். புள்ளி இருக்கிறதா, இல்லை அழுக்கா என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் உறுதி சொல்ல முடியாத இடங்கள் இருந்தன. அப்போதுதான் அந்த ஸ்லைடுகளின் எண்கள் ஒன்றையொன்று சாட்சி சொல்வதைக் கவனித்தேன்.

பிளான் சி என்பது கடுமையான நீரிழப்புக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றும் முறை. எடையில் கிலோவுக்கு 100 மில்லி. ஒரு வயதுக்குள் இருந்தால் முதல் 30 மில்லியை ஒரு மணி நேரத்திலும், மீதி 70 மில்லியை 5 மணி நேரத்திலும் ஏற்றவேண்டும். ஒரு வயதுக்கு மேல் இருந்தால் முதல் 30 மில்லி அரை மணியில், மீதி 70 மில்லி இரண்டரை மணியில். அதே ஸ்லைடின் தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் "மொத்தம் 6 மணி / 3 மணி" என்று ஒரு வரி இருந்தது. 1 + 5 = 6, சரி. ½ + 24 எப்படிக் கூட்டினாலும் 3 ஆகாது. சுருக்கம் எழுதும்போது அந்தச் சிறிய வரியை "தேவையில்லை" என்று விட்டவன் நான்தான்.

இந்த வழியை எல்லா எண்ணுக்கும் போட்டுப் பார்த்தேன். நன்றாக வேலை செய்தது ஓ.ஆர்.எஸ். ஸ்லைடில். பழைய கலவையையும், உலக சுகாதார நிறுவனம் 2002இல் அறிவித்த குறைந்த சவ்வூடு அழுத்தக் கலவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அட்டவணை அது. ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில், உண்மையான ஸ்லைடு இப்படி:

```
                       பழையது   புதியது
சோடியம் குளோரைடு         3.5      2.6
குளுக்கோஸ்               20       13.5
பொட்டாசியம் குளோரைடு     1.5      1.5
ட்ரைசோடியம் சிட்ரேட்      2.9      2.9
மொத்தம்                  27.9     20.5
```

ஓ.சி.ஆரில் புதிய கலவையின் 2.6 என்பது 26 ஆகவும், 13.5 என்பது 135 ஆகவும் வந்திருந்தன. மொத்தம் மட்டும் புள்ளியோடு 20.5. புள்ளிகளைத் திரும்ப வைத்துக் கூட்டினால் 2.6 + 13.5 + 1.5 + 2.9 = 20.5. வேறெங்கே புள்ளி வைத்தாலும் இந்தத் தொகை வராது. படத்தில் தெரியாத புள்ளியைக் கூட்டல் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

நிம்மதியாக அடுத்த ஸ்லைடுக்குப் போக இருந்தேன். அப்போது என் கோப்பில் உள்ள அட்டவணையை வரிவாரியாகப் பார்த்தேன்:

```
(தலைப்பு வரி)                     2.6
சோடியம் குளோரைடு         3.5     13.5
குளுக்கோஸ்               20      1.5
பொட்டாசியம் குளோரைடு     1.5     2.9
ட்ரைசோடியம் சிட்ரேட்      2.9     20.5
மொத்தம்                  27.9
```

கடைசிப் பத்தி முழுக்க ஒரு படி மேலே ஏறியிருந்தது. காரணம் தாள். ஜெராக்ஸ் எந்திரத்தில் கோணலாகப் போயிருக்கிறது, ஏறத்தாழ ஒன்றரை டிகிரி. அட்டவணையின் இடது ஓரத்துக்கும் கடைசிப் பத்திக்கும் 1400 பிக்சல் தூரம். ஒன்றரை டிகிரி சாய்வில் அந்தத் தூரத்துக்கு 37 பிக்சல் உயரம் மாறிவிடும். வரிக்கு வரி இடைவெளி 58 பிக்சல்தான். சொற்களை அவற்றின் `top` எண்ணுக்கு மிக அருகில் உள்ள வரியில் சேர்க்கச் சொல்லியிருந்தேன். 37 என்பது 58இல் பாதியைத் தாண்டிவிட்டதால், எல்லா எண்ணும் மேல்வரிக்குத் தாவிவிட்டன. நடுப் பத்தி பாதித் தூரத்தில் இருந்ததால் தப்பித்தது.

இதைக் கூட்டல் பிடிக்காது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். எண்களை எந்த வரிசையில் கூட்டினாலும் 20.5தான் வரும். எழுத்து சரியா என்பதைச் சொல்லும் சோதனை, அது சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. இந்த முறை காலியாக நின்ற கடைசிக் கட்டம் காட்டிக்கொடுத்தது. அது இல்லாவிட்டாலும் அடுத்த ஸ்லைடு காட்டிக்கொடுத்திருக்கும். அதில் இதே கலவை மில்லிமோலில் இருக்கிறது: சோடியம் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, குளுக்கோஸ் 75, மொத்தம் 245. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. 13.5 கிராமை அதால் வகுத்தால் 75 மில்லிமோல், அப்படியே பொருந்துகிறது. உப்பின் மூலக்கூறு எடை 58.5. 2.6 கிராமுக்கு 44 வரும், சிட்ரேட்டிலிருந்து வரும் 30ஐச் சேர்த்தால் 74, ஸ்லைடின் 75க்குப் பக்கத்தில். என் கோப்பில் இருந்தபடி உப்பு 13.5 கிராம் என்றால் அதிலிருந்து மட்டுமே 230 மில்லிமோல் சோடியம் வந்திருக்கும். நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும்கூடச் சமமாகின்றன. 75 + 20 = 95. மறுபக்கம் 65, அதோடு மூன்று மின்னேற்றம் கொண்ட சிட்ரேட் 10 × 3. அதுவும் 95. இரண்டாவது ஸ்லைடின் எண்களில் எதுவும் பிசகவில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

எல்லாப் படங்களையும் சாய்வு நிமிர்த்தி மறுபடி ஓ.சி.ஆர். எடுத்தேன். செய்யவேண்டிய முதல் வேலையைக் கடைசியில் செய்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. இம்முறை அட்டவணைகள் எல்லாம் வரிசையில் நின்றன. நீரிழப்பைக் கண்டறியும் படிவரைபடம் ஒன்று மட்டும் எதற்கும் மசியவில்லை. பெட்டிகளுக்குள் இருந்த சொற்கள் வந்தன, அவற்றை இணைக்கும் அம்புகள் வரவில்லை. அம்பு இல்லாவிட்டால் "ஆம்", "இல்லை" என்ற இரண்டு சொல்லும் எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரியாது. அதை ஓ.சி.ஆரிடம் விடாமல், படத்தைப் பார்த்துக் கையால் வாக்கியங்களாக எழுதிக்கொண்டேன்.

இதன் பிறகுதான் சுருக்கத்துக்கு வந்தேன். முதல் சுற்றில் நினைவிலிருந்து எழுதியதுபோல் இல்லாமல், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஸ்லைடு எண்ணைப் போட்டேன். எண் வரும் வாக்கியங்களில் அந்த எண் எந்தச் சோதனையில் தேறியது என்பதை ஓரத்தில் குறித்தேன்: கூட்டல், இன்னொரு ஸ்லைடு, அல்லது வெறும் கண். ஓரளவு நீரிழப்புக்கு வாய்வழியாகக் கரைசல் கொடுக்கும் பிளான் பி பற்றிய வரிக்கு, கிலோவுக்கு 75 மில்லி என்ற சூத்திரமும் 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி என்ற எடுத்துக்காட்டும் ஒரே ஸ்லைடில் இருந்ததால் கவலையில்லை. துத்தநாக மாத்திரை பற்றிய வரியில் "1014 நாட்கள்" என்று வந்திருந்தது. இடையில் இருந்த கோடு விழுந்த 10–14 அது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே ஸ்லைடில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு எத்தனை மில்லிகிராம் என்ற இடத்தில் தாளைக் கோர்க்கப் போட்ட துளை இருந்தது. ஆறு மாதத்துக்குள் 10 என்பது தெளிவாகத் தெரிந்தது. துளையில் போன எண் என்ன என்று எனக்குத் தெரியும், இணையத்தில் எங்கே பார்த்தாலும் கிடைக்கும். ஆனால் இந்த ஸ்லைடு அப்படிச் சொன்னதற்கு என்னிடம் சான்று இல்லை. சாட்சி சொல்ல வேறு எண்ணும் அந்தக் கட்டில் இல்லை. எனவே "[?] மி.கி." என்றே விட்டு, துளையின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து அச்சிட்ட தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பியிருந்தார். அந்த அடைப்புக்குறியை நீல மையால் அடித்துவிட்டு 20 என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருந்தார்.